தெருமுனை சலூனா, யுனிசெக்ஸ் சலூனா? ரெட்டைச் சுழிக்காரன் கேக்குறேன்

உறையூரான்
வணக்கம் மக்களே. திருச்சி உறையூர்ல இருக்கேன், வயசு 34. பதினஞ்சு வருஷமா எங்க தெருமுனை சலூன்லதான் கட்டிங். நாற்காலியில உக்காந்தா ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, அண்ணன் துணியைப் போர்த்தும்போதே வேலை பாதி முடிஞ்ச மாதிரி. 150 ரூபா. கடைசியா தலையில ரெண்டு தட்டு, கழுத்துல ஒரு நெட்டி. சொர்க்கம்.

போன வருஷம் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சு. அப்புறம் கடையில ஒரு பையனைப் போட்டிருக்கார். பையன் வேகம்னா வேகம், பத்து நிமிஷத்துல ஆளை எழுப்பி விட்டுடுறான். ஆனா எனக்குப் பின்னுச்சியில ரெட்டைச் சுழி. அவன் வெட்டினதுல இருந்து அந்த இடம் மட்டும் முள்ளு மாதிரி எந்திரிச்சு நிக்குது. வீட்டுக்காரம்மா "ஆன்டெனா"ன்னு பேரே வச்சிட்டா.

ஆபீஸ் நண்பன் தில்லைநகர்ல ஒரு யுனிசெக்ஸ் சலூனுக்குக் கூட்டிட்டுப் போனான். 500 ரூபா, வரியோட 525. தலை அலசி, முக்கால் மணி நேரம் வெட்டி, டிரையர் போட்டு, ஏதோ மெழுகு தடவினாங்க. கண்ணாடியில பாத்தா நானே வேற ஆளு. மறுநாள் காலையில குளிச்சிட்டு வந்தா பழையபடி ஆன்டெனா! அதுல வேற, பக்கத்து நாற்காலியில ஒரு அம்மா தலையில சாயம் பூசிக்கிட்டு உக்காந்திருக்காங்க, நான் இந்தப் பக்கம் தலையெல்லாம் நுரையோட. கூச்சமா இருந்துச்சு. "டாண்ட்ரஃப் இருக்கு சார், ஸ்பா பண்ணிக்கலாமா"ன்னு மூணு தடவை கேட்டாங்க.

இப்ப எங்க போறது? 375 ரூபா கூடக் கொடுக்குறதுக்கு அர்த்தம் இருக்கா?

டக்கர்_பாண்டி
இதுல யோசிக்க என்ன பாஸ் இருக்கு, யுனிசெக்ஸ்தான். திறமை கிடக்கட்டும், சுத்தத்தைப் பாருங்க. தெருமுனையில ஒரே பிளேடை பத்து பேருக்குப் போடுவான். சலூன்ல நீல லைட் எரியுற பெட்டி இருக்கும் பாருங்க, யூவி. சீப்பு, கத்தரி எல்லாம் அதுல வச்சா எந்தக் கிருமியும் தங்காது. உங்க 375 ரூபா அதுக்குத்தான்.

ரிட்டயர்டு_வாத்தியார்
தம்பி உறையூரான், ரெட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்பார்கள். எங்கள் பெரியண்ணனுக்கு ரெட்டைச் சுழி. அறுபது வருடம் ஒரே மதினியோடு குடித்தனம் நடத்திவிட்டுத்தான் போனார். ஆகவே கவலைப்பட வேண்டாம்.

உறையூரான்
சார், நான் கட்டிங்கைப் பத்திக் கேட்டேன். இந்தப் பதிலை வீட்டுக்காரம்மா பாத்தா எனக்கு ஒரு கல்யாணமும் மிஞ்சாது.

பழைய_கத்தரி
உறையூரான், எந்தக் கடைன்னு கேக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லுங்க. பின்னுச்சியில இப்ப முடி எவ்வளவு நீளம்? யுனிசெக்ஸ்காரன் அந்த இடத்துல பல்லுக் கத்தரி போட்டானா?

(நான் யாருன்னா, அப்பா திண்டுக்கல்ல கடை வச்சிருந்தார். அதுல பதினோரு வருஷம் நின்னேன். அப்புறம் பெங்களூர்ல யுனிசெக்ஸ் சலூன்ல அஞ்சு வருஷம். ரெண்டு பக்கமும் சம்பளம் வாங்கினவன். இப்ப முழங்கால் போச்சு, அதனால மெஷின் ரிப்பேரோட சரி.)

உறையூரான்
ஸ்கேல் வச்சே பாத்துட்டேன் அண்ணே, ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு பக்கம் சாதா அலகும் இன்னொரு பக்கம் சீப்பு மாதிரியும் இருந்த கத்தரிதானே? உச்சியில அதைத்தான் நறுக் நறுக்குனு நாலஞ்சு தடவை போட்டார். "வெயிட் குறைக்கிறேன் சார், படியும்"னார்.

பழைய_கத்தரி
நினைச்சேன். கொஞ்சம் நீளமாச் சொல்றேன், பொறுத்துக்குங்க.

முடி சுழியில இருந்து சுத்திக்கிட்டே வெளிய வரும். ஒரு சுழின்னா எல்லாம் ஒரே பக்கம் சுத்தி ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கும். ரெண்டு சுழின்னா, இதுல இருந்து வர்றதும் அதுல இருந்து வர்றதும் நடுவுல முட்டிக்கும். முட்டுற இடத்துல போறதுக்கு வழியில்லாம மேல நிக்கும். அது பிறவி அமைப்பு, அதை எந்தக் கடைக்காரனும் மாத்த முடியாது. நம்ம கையில இருக்குறது நீளம் மட்டும்தான்.

மெஷின்ல ஒண்ணாம் நம்பர் 3 மில்லிமீட்டர், ரெண்டாம் நம்பர் 6. அந்த அளவுக்கு ஒட்ட வெட்டினா நின்னாலும் தெரியாது, தலையே புல்தரை மாதிரி இருக்கும். இல்லன்னா அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல விடணும். அப்பத்தான் தன் கனத்துல தானே சாயும். இந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னா வம்பு. ஒன்றரை, ரெண்டு சென்டிமீட்டர்ல முடிக்குக் கனமும் கிடையாது, குட்டைன்னும் சொல்ல முடியாது. நீங்க சரியா அந்தப் பள்ளத்துல விழுந்திருக்கீங்க.

பையன் என்ன பண்ணிருப்பான்னா, உச்சி முடியை ரெண்டு விரலுக்கு நடுவுல இழுத்துப் பிடிச்சு மத்த இடம் மாதிரியே ஒரே அளவுல வெட்டிருப்பான். சுழி முடியை இழுத்து வெட்டினா, விட்டதும் வில்லு மாதிரி சுருங்கி இன்னும் குட்டையாத் தெரியும். யுனிசெக்ஸ்காரர் தப்பு வேற மாதிரி. ஏற்கெனவே குட்டையா இருந்ததுல பல்லுக் கத்தரி போட்டிருக்கார். பல்லுக் கத்தரி ஒண்ணு விட்டு ஒண்ணு வெட்டும். வெட்டுப்பட்ட குட்டை முடி பக்கத்துல இருக்குற நீள முடிக்கு முட்டுக்கட்டை மாதிரி கீழ இருந்து தூக்கிப் பிடிக்கும். நெத்திப் பக்கம் அடர்த்தி குறைக்க அது நல்ல ஆயுதம். சுழியில போடக் கூடாது.

இன்னொண்ணு கேக்குறேன். வெட்டுறதுக்கு முன்னாடி காய்ஞ்ச தலையை அவர் பாத்தாரா?

உறையூரான்
இல்லண்ணே. உள்ள போனதும் நேரா அலசுற சிங்க்குக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க.

பழைய_கத்தரி
அதான் விஷயம். ஈரத்துல எல்லாச் சுழியும் சாதுவாப் படுத்துக்கும். காய்ஞ்ச தலையில விரலை விட்டுக் கோதிப் பாத்தாத்தான் எது எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியும். யுனிசெக்ஸ்ல நான் நின்ன அஞ்சு வருஷமும் அலச அனுப்புறதுக்கு முன்னாடி ஆளை நிக்க வச்சுப் பின்னுச்சியைப் பாக்கச் சொல்லி எங்க மேஸ்திரி அடிக்காத குறையாச் சொல்லுவார். கேக்குறவன் ரெண்டு பேர், கேக்காதவன் எட்டுப் பேர். தெருமுனைக் கடையிலயும் அதேதான், தண்ணி ஸ்பிரே அடிச்சிட்டு ஆரம்பிச்சிடுவாங்க.

நம்ம ஆளுங்க பக்கமும் தப்பு இருக்கு. எண்ணெய் வழிய வழிய, இல்லன்னா ஹெல்மெட் போட்டு அமுக்கின தலையோட வந்து உக்காருவாங்க. வெட்டுற அன்னைக்கு எண்ணெய் இல்லாம, முந்தின நாள் குளிச்ச தலையோட போங்க.

டிரையரும் மெழுகும் போட்டு அனுப்பின தலையைப் பாத்து எந்த வெட்டையும் எடை போடாதீங்க. உங்க வீட்டுத் தண்ணியில ஒரு தடவை குளிச்சு, துவட்டி, சீப்பு மட்டும் போட்டுப் பாருங்க. அதுதான் அவர் வெட்டு.

மாலதி_கோவை
இந்த இழைக்குள்ள ஒரு பெண் குரலும் இருக்கட்டும். எனக்கு பாய்கட். நாலு வருஷமா. முதல்ல எங்க வீட்டுப் பக்கம் சலூனுக்குத்தான் போனேன். கடைக்காரர் பாவம், நாற்காலியைப் பாத்தார், என்னைப் பாத்தார், உள்ள உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்த நாலு ஆம்பளைங்களைப் பாத்தார். "பார்லர்ல போய்க்கங்கம்மா"ன்னார். பார்லர்ல போனா "அய்யோ, ஏன் மேடம் இவ்வளவு குட்டையா"ன்னு அவங்க அழுறாங்க. அவங்களுக்கு மெஷின் பிடிக்கவே வரல.

கடைசியில யுனிசெக்ஸ்தான் கைகொடுத்துச்சு. ஆனா விலைப்பட்டியலைப் பாருங்க. ஆண் கட்டிங் 450, பெண் கட்டிங் 900. என் தலையில இருக்குறது பக்கத்து நாற்காலிக்காரரை விடக் குறைச்சல் முடி! கேட்டா "சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு மேடம்". அப்புறம் ஒரு நாள் மேனேஜர்கிட்ட நின்னு, நேரத்தை வச்சு பில் போடுங்கன்னு பேசி, இப்ப 600க்குப் போகுது. முறைப்படி சரியா தப்பான்னு எனக்கு இன்னும் புரியல. யுனிசெக்ஸ்னு போர்டு போட்டுட்டு விலைப்பட்டியலை மட்டும் ரெண்டா வச்சிருக்காங்க.

உறையூரான், அந்த அம்மா உங்களைப் பாக்கவே இல்லைன்னு நான் எழுதித் தர்றேன். சாயம் பூசிக்கிட்டு உக்காந்திருக்கும்போது நாங்க கண்ணாடியில எங்க மூஞ்சியையே பாக்க மாட்டோம்.

நெல்லை_கார்த்தி
கணக்கு வாத்தியார் இல்லாத குறைக்கு நான் வர்றேன். 150க்கும் 525க்கும் இருக்குற வித்தியாசத்தைப் பாக்காதீங்க, ஒரு வாரத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க. முடி மாசத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளரும். சைடுல ஜீரோ வச்சு ஃபேடு பண்ணினா, ரெண்டரை மூணு வாரத்துல கோடு கலைஞ்சிடும். 150ஐ மூணால வகுத்தா வாரம் 50. சீப்பு வச்சுக் கத்தரியில வெட்டினது ஆறு வாரம் உருக்குலையாம நிக்கும். 525ஐ ஆறால வகுத்தா 87 ரூபா 50 காசு. அதாவது நிஜ வித்தியாசம் வாரத்துக்கு 37 ரூபா 50 காசு, ரெண்டு மூணு டீக் காசு.

அப்புறம் தெருமுனைக் கடைக்காரர் வரி ஏய்ப்புன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள்ள வரவு இருக்குற கடைக்கு ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். சலூனுக்கு முன்னாடி 18 சதவீதம் போட்டாங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதம். இன்னும் 18 போட்டு பில் நீட்டினா ஏன்னு கேளுங்க.

பழைய_கத்தரி
கார்த்தி கணக்கு சரி, ஒரு ஓட்டை இருக்கு. அந்த ஆறு வாரம் யுனிசெக்ஸுக்குச் சொந்தம் இல்ல, கத்தரிக்குச் சொந்தம். அதே கத்தரி வெட்டை உறையூர் அண்ணன் பண்ணினா 150ஐ ஆறால வகுக்கணும், வாரம் 25. பழைய கடைக்காரங்க மெஷின் வர்றதுக்கு முன்னாடி தொழில் படிச்சவங்க. சீப்பு வச்சுக் கத்தரியில பின்கழுத்தைக் கரைச்சு எடுக்குறதுல அவங்களை அடிக்க ஆளில்ல. இப்ப வர்ற பசங்களுக்கு மெஷின்தான் கை. கோடு போடுறது, ஃபேடு, தாடி செதுக்குறது எல்லாம் அவங்க நம்மளை விட நல்லாப் பண்ணுவாங்க, ஒத்துக்கணும். நெத்தி ஏறினவங்க, சுருட்டை முடி, நீள முடின்னா நல்ல யுனிசெக்ஸ் கை கிடைச்சா விடாதீங்க.

டக்கர் பாண்டிக்கும் ஒரு வார்த்தை. பிளேடு பத்திச் சொன்னது பாதி சரி. சவரக் கத்தியில முழு பிளேடு போட மாட்டாங்க, காகிதத்தோடவே ரெண்டா ஒடிச்சுப் பாதியை மாட்டுவாங்க. மானமுள்ள கடைக்காரன் உங்க கண்ணு முன்னாடி ஒடிப்பான். அந்த "டிக்" சத்தம் கேக்கலன்னா, மூஞ்சியில சோப்பு இருந்தாலும் பரவால்ல, வாயைத் திறந்து கேளுங்க. ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ஞ்ச ரத்தத்துல ஒரு வாரம் கூட உயிரோட கிடக்கும். கூச்சப்படுற விஷயம் இல்ல.

ஆனா நீல லைட் பெட்டி? நான் அதுக்கு பல்பு மாத்துறவன். வெளிச்சம் படுற இடத்துல மட்டும்தான் அது வேலை செய்யும். சீப்புப் பல்லு இடுக்குல எண்ணெயும் முடியும் அடைஞ்சிருந்தா உள்ள போகாது. முதல்ல சோப்புத் தண்ணியில கழுவி, கிருமிநாசினியில ஊறவச்சு, காயவச்சு, அப்புறம் உள்ள வைக்கணும். கழுவாம வச்சா அது கல்யாண மண்டப சீரியல் செட்டு மாதிரிதான், பாக்க அழகு. எத்தனையோ கடையில பல்பு ஃபியூஸ் ஆகி மாசக்கணக்காகியும் நீலக் கண்ணாடியை வச்சே ஓட்டுறாங்க.

டக்கர்_பாண்டி
அண்ணே, நான் போற கடையில பெட்டியைத் திறந்தா லைட் அணையுதே, அதுவும் டூப்பா?

பழைய_கத்தரி
அது ஒழுங்கான பெட்டி தம்பி. கண்ணுல படக் கூடாதுன்னு அப்படித்தான் வைப்பாங்க. உள்ள போன சீப்புல முடி இருக்கான்னு மட்டும் பாருங்க.

படிகாரக் கல்லை மறந்துட்டேன். ரெண்டு வகைக் கடையிலயும் அந்த ஒரே கல்லைத்தான் எல்லார் மூஞ்சியிலயும் தேய்க்குறாங்க, வெட்டுப்பட்ட மூஞ்சி உட்பட. பிளேடை மாத்திட்டுக் கல்லை மாத்தலன்னா என்ன பிரயோஜனம்? பத்து ரூபாய்க்கு ஒரு துண்டு வாங்கிப் பாக்கெட்டுல வச்சுக்குங்க.

எலும்பு_மேஸ்திரி
பிசியோதெரபிஸ்ட். உறையூரான் முதல் பதிவுல "கழுத்துல ஒரு நெட்டி, சொர்க்கம்"னு எழுதினதைப் பாத்துட்டு சும்மா போக முடியல. கழுத்தெலும்புக்குள்ளதான் மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய் ரெண்டு ஏறிப் போகுது. தலையைப் பிடிச்சு வெடுக்குனு திருப்பினா அதோட உள்சுவர் கிழியலாம். எப்பவாவது நடக்குறதுதான், ஆனா நடந்தா பக்கவாதம். தலையைத் தட்டட்டும், தோளை அமுக்கட்டும், கழுத்தைத் திருப்ப விடாதீங்க.

யுனிசெக்ஸ்காரங்க சிரிக்க வேண்டாம். அலசுற சிங்க்குல கழுத்தைப் பின்னாடி மடிச்சுப் பத்து நிமிஷம் கிடக்குறதும் அதே கதை. 1993லயே அமெரிக்க டாக்டர் ஒருத்தர் அப்படி அஞ்சு பேரைப் பத்தி எழுதினார், "பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்"னே பேர் ஆயிடுச்சு. கழுத்துக்கு அடியில துண்டை மடிச்சு வைக்கச் சொல்லுங்க. தலை சுத்தினா உடனே எழுந்திருங்க.

உறையூரான்
சொர்க்கம்னு சொன்னது உண்மையாவே ஆயிடும் போல. சரி, நெட்டி இனி வேண்டாம்.

பழைய கத்தரி அண்ணே, நீங்க சொன்னதை வச்சுப் பாத்தா இப்போதைக்கு எந்தக் கடையும் என்னைக் காப்பாத்தாது, இல்லையா? ஒன்றரையில இருந்து அஞ்சுக்கு வளர மூணு மாசத்துக்கு மேல ஆகும்.

பழைய_கத்தரி
ஆமா. எவன் "இப்பவே சரி பண்றேன்"னாலும் நம்பாதீங்க, கெரட்டின் அது இதுன்னு ஆயிரக்கணக்குல இழுத்து விட்டுருவாங்க. மூணு மாசத்துக்குக் கிருதா, காது ஓரம், பின்கழுத்து மட்டும் எடுங்க, உச்சியில கத்தரியே படக் கூடாது. அதுக்கு 500 ரூபா தண்டம், தெருமுனையே போதும். நாற்காலியில உக்காந்ததும் துணி போர்த்துறதுக்கு முன்னாடி சொல்லணும், ஆரம்பிச்ச பிறகு சொன்னா எவன் காதுலயும் விழாது. சனி ஞாயிறு கூட்டத்துல போகாதீங்க. செவ்வாய்க்கிழமை கடை லீவு, அதனால புதன்கிழமை காலையில போனா ஆளும் இருக்காது, கையும் சோர்ந்திருக்காது.

உறையூரான்
இன்னொரு சங்கடம் இருக்கு, இங்க சொன்னா சிரிக்காதீங்க. தில்லைநகர்ல வெட்டிட்டு வந்த மறுநாள் அண்ணன் கடையைத் தாண்டித்தான் வண்டி எடுத்துட்டுப் போகணும். அவர் வாசல்ல நின்னுட்டு இருந்தார். என் தலையைப் பாத்தார். "என்னப்பா, சாப்டியா"ன்னார். அவ்வளவுதான். ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுப் போயிட்டேன். இப்பல்லாம் பின்தெருவைச் சுத்திப் போறேன், பெட்ரோல் வேற.

ரிட்டயர்டு_வாத்தியார்
இப்போதுதான் கேள்வி புரிகிறது. எங்கள் தகப்பனார் கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். மாதம் ஒருமுறை எங்கள் தெருக் கடைக்காரர் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, அப்பாவை என் மார்பில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, முடி வெட்டிச் சவரம் செய்துவிட்டுப் போவார். கடையில் வாங்கும் காசைத் தவிர ஒரு ரூபாய் கூட வாங்க மாட்டார். நீங்கள் 150, 525 என்று வகுக்கிற கணக்கில் இதை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நெல்லை_கார்த்தி
ஐயா, ஒத்துக்குறேன். ஆனா அந்த நன்றிக்காக மோசமான வெட்டோட ஒருத்தர் திரியணுமா? பையன்கிட்ட தலையைக் கொடுத்தா அது அண்ணனுக்குச் செய்யுற மரியாதை ஆகுமா?

மாலதி_கோவை
கார்த்தி சொல்றதுல எனக்கு உடன்பாடுதான். என்னை அனுப்பி விட்ட கடைக்காரரும் யாரோ ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய் வெட்டுற நல்ல மனுஷனாத்தான் இருப்பார். எனக்கு அங்க நாற்காலி கிடையாது, அவ்வளவுதான்.

உறையூரான்
மூணரை மாசம் கழிச்சு வர்றேன், இழை இன்னும் பூட்டலையே, சந்தோஷம்.

புதன்கிழமை காலையில அண்ணன் கடைக்கே போனேன். நாற்காலியில உக்காரல, நின்னுக்கிட்டே "அண்ணே, நீங்க வெட்டணும், கத்தரியில. மெஷின் வேண்டாம்"னேன். ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் டிராயரைத் திறந்து துணியில சுத்தி வச்சிருந்த நீளக் கத்தரியை எடுத்தார். கண்ணாடி போட்டுக்கிட்டார். உச்சியில விரலை விட்டுக் கோதிப் பாத்துட்டு "ஒண்ணு வலப்பக்கம் சுத்துது, இன்னொண்ணு இடப்பக்கம். சின்ன வயசுல உங்கப்பா தலையும் இதேதான்"னார். அந்த மூணு மாசமும் ஓரம் மட்டும்தான் எடுத்தார். போன புதன்தான் மேல கத்தரி வச்சார், அதுவும் நுனி மட்டும். முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. அதே 150. நான் 250 கொடுத்தேன், 50ஐத் திருப்பிக் கொடுத்துட்டார்.

வலப்பக்கச் சுழி படுத்துடுச்சு. இடப்பக்கம் இன்னும் லேசா எந்திரிக்குது, முக்கியமா மின்விசிறிக்கு அடியில. கண்ணு அவருக்கு முன்ன மாதிரி இல்ல, காதுக்குப் பின்னாடி ஒரு இடத்துல ஏத்த இறக்கம் தெரியுது. வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், இப்ப உங்களுக்கும்.

பையனைக் காணோமேன்னு கேட்டேன். தில்லைநகர்ல வேலைக்குப் போயிட்டானாம். எந்தக் கடைன்னு கேட்டா, நான் போன அதே யுனிசெக்ஸ். கறுப்பு ஏப்ரன் எல்லாம் போட்டு போட்டோ அனுப்பிருக்கான், அண்ணன்தான் பெருமையா போனைத் திறந்து காட்டினார்.

டக்கர்_பாண்டி
பாஸ், அப்ப அங்க இப்ப அவன் வெட்டினா 525ஆ?

உறையூரான்
சீனியர் ஸ்டைலிஸ்ட்னு போட்டிருக்கு. 650ஆ இருக்கும்.